விளம்பரத்தின் சொல், விண்ணப்பத்தின் வாக்கியம்: ஒரு மின்னஞ்சல் மூன்று வரைவுகளில் மாறிய விதம்

கணக்குத் துறைக்கு வரும் விண்ணப்பங்களை முதலில் பிரித்துப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. அங்கே இரண்டு வகை மின்னஞ்சல்கள் அடிக்கடி கண்ணில் படும். ஒன்று, எங்கள் விளம்பரத்தையே எங்களுக்குத் திருப்பி அனுப்புவது. மற்றொன்று வேலை தெரிந்தவர் எழுதியதுதான், ஆனால் விளம்பரத்தில் கேட்ட ஒரு சொல்கூட அதில் இருக்காது. முதல் வகையைப் படித்தால் ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டாவது வகையில் ஆள் தகுதியானவர்தானா என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், நூறு விண்ணப்பம் காத்திருக்கும்போது அந்த நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை.

என் தோழியின் தங்கை ஒரே வேலைக்கு இந்த இரண்டு வகையையும் அடுத்தடுத்து எழுதினாள். பிறகு இருவரும் உட்கார்ந்து மூன்றாவதாக ஒன்றை எழுதினோம். அந்த மூன்று வரைவுகளையும் வரிசையாகப் பார்த்தால், விளம்பரத்தில் எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்பது தெளிவாகத் தெரியும். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

விளம்பரம்

அவள் மூன்று வருடமாக ஒரு சிறிய உற்பத்தி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். விண்ணப்பிக்க விரும்பியது அதைவிடப் பெரிய நிறுவனத்துக்கு. விளம்பரத்தின் முக்கியப் பகுதி இது:

> வேகமாக வளரும் எங்கள் நிதிக் குழுவுக்கு, சுறுசுறுப்பும் சுயமுனைப்பும் கொண்ட அக்கவுன்ட்ஸ் பேயபிள் எக்சிக்யூட்டிவ் தேவை. வேண்டர் இன்வாய்ஸ்களைப் பதிவு செய்தல், த்ரீ-வே மேட்சிங் மூலம் சரிபார்த்தல், வேண்டர் ரிகன்சிலியேஷன், மாத இறுதிக் கணக்கு முடிப்பில் உதவுதல் ஆகியவை முக்கியப் பொறுப்புகள். மேம்பட்ட எக்செல் அறிவு அவசியம். எஸ்ஏபி அனுபவம் விரும்பத்தக்கது. நுணுக்கமான கவனமும் பல துறையினருடன் இணைந்து பணியாற்றும் திறனும் வேண்டும். குறிப்பு எண்: AP-214.

முதல் வரைவு

அவள் முதலில் எழுதியதில் நடுப்பகுதி இப்படி இருந்தது: "மூன்று வருடமாக பில் செக் செய்து பாஸ் செய்யும் வேலையைப் பார்க்கிறேன். பார்ட்டி கணக்குகளை மாதாமாதம் டேலி செய்வேன். எக்செல் நன்றாகத் தெரியும்."

இதில் பொய் எதுவும் இல்லை. அவள் அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் இந்த மின்னஞ்சலை முதலில் திறப்பவர் பெரும்பாலும் மனிதவளப் பிரிவில் இருப்பவர். கணக்கு வேலை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கணக்கு மேலாளர் எழுதிக் கொடுத்த விளம்பரத்தில் 'த்ரீ-வே மேட்சிங்' என்று இருக்கிறது, அவர் அந்தச் சொல்லைத்தான் தேடுவார். 'பில் செக் செய்து பாஸ் செய்வது' அதுதான் என்று ஊகிக்கும் பொறுப்பை அவர் தலையில் வைக்க முடியாது.

இரண்டாவது வரைவு

யாரோ அவளிடம், விளம்பரத்தில் உள்ள சொற்கள் அப்படியே இருந்தால்தான் விண்ணப்பம் மேலே போகும் என்று சொல்லியிருக்கிறார்கள். உடனே வரைவு இப்படி மாறியது:

> நான் சுறுசுறுப்பும் சுயமுனைப்பும் கொண்டவள். வேண்டர் இன்வாய்ஸ்களைப் பதிவு செய்தல், த்ரீ-வே மேட்சிங் மூலம் சரிபார்த்தல், வேண்டர் ரிகன்சிலியேஷன், மாத இறுதிக் கணக்கு முடிப்பு ஆகியவற்றில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. மேம்பட்ட எக்செல் அறிவும் நுணுக்கமான கவனமும் பல துறையினருடன் இணைந்து பணியாற்றும் திறனும் என்னிடம் உள்ளன. எஸ்ஏபி கற்றுக்கொள்ள மிகுந்த ஆர்வம் உண்டு.
>
> முக்கியத் திறன்கள்: அக்கவுன்ட்ஸ் பேயபிள், இன்வாய்ஸ், த்ரீ-வே மேட்சிங், ரிகன்சிலியேஷன், மாத இறுதி, எக்செல், எஸ்ஏபி.

இதைத்தான் என்னிடம் காட்டினாள். "அக்கா, கேட்டது எல்லாமே இருக்கு, பாருங்க" என்றாள்.

எல்லாம் இருந்தது, அவளைத் தவிர. இந்த மின்னஞ்சலின் கீழே வேறு யார் பெயரைப் போட்டாலும் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. கணக்கு வேலையே பார்க்காத ஒருவர்கூட விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதிவிடலாம். விண்ணப்பங்களைப் பிரிப்பவருக்கு விளம்பரம் மனப்பாடமாக இருக்கும். பொறுப்புகள் அதே வரிசையில் வந்தாலே, இது எங்கிருந்து வந்தது என்று முதல் இரண்டு வரியில் தெரிந்துவிடும். இடையில் சொற்களை மாற்றினாலும் வரிசை காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியில் உள்ள 'முக்கியத் திறன்கள்' வரியைச் சொல் திணிப்பு என்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். மேலே ஏற்கெனவே வந்த சொற்கள், எந்தத் தகவலும் சேராமல் மறுபடி வருகின்றன. எஸ்ஏபி பற்றிய வாக்கியமும் அதே வகைதான், கொஞ்சம் நாகரிகமாக ஒளிந்திருக்கிறது. அவள் எஸ்ஏபி மென்பொருளைத் தொட்டதில்லை. கற்க ஆர்வம் என்று எழுதியதற்குக் காரணம், அந்தச் சொல் எப்படியாவது மின்னஞ்சலில் வந்துவிட வேண்டும் என்பதுதான்.

சொற்களைப் பிரித்தது

அவளிடம் நான் முதலில் சொன்னது, விளம்பரத்தில் உள்ள எல்லாச் சொற்களும் ஒரே இனம் அல்ல என்பதை. ஒரு பேனாவை எடுத்து, வேலைக்கும் கருவிக்கும் பெயராக இருப்பவற்றை மட்டும் அடிக்கோடிடச் சொன்னேன். வேண்டர் இன்வாய்ஸ், த்ரீ-வே மேட்சிங், வேண்டர் ரிகன்சிலியேஷன், மாத இறுதிக் கணக்கு முடிப்பு, எக்செல், எஸ்ஏபி. இவை யாருக்கும் சொந்தமில்லாத பெயர்கள். இவற்றை அப்படியே எழுதுவது காப்பி ஆகாது. சொல்லப்போனால், காப்பி அடிக்கக்கூடாது என்று நினைத்து இவற்றை மாற்றுவதுதான் தவறு. த்ரீ-வே மேட்சிங்கை 'மும்முனை ஒப்பீட்டுச் சரிபார்ப்பு' என்று எழுதினால் மனிதவளப் பிரிவுக்கும் புரியாது, கணக்கு மேலாளரும் ஒரு நொடி நின்று யோசிப்பார். அதேபோல ஒரே மின்னஞ்சலில் ஒருமுறை வேண்டர், ஒருமுறை சப்ளையர், ஒருமுறை பார்ட்டி என்று மாற்றி மாற்றி எழுதவும் வேண்டாம். அவர்கள் வேண்டர் என்றால் நாமும் கடைசிவரை வேண்டர்தான்.

அடிக்கோடு விழாமல் மிஞ்சியவை குணத்தைச் சொல்பவை: சுறுசுறுப்பு, சுயமுனைப்பு, நுணுக்கமான கவனம், இணைந்து பணியாற்றுதல். இவற்றை எடுக்கவே கூடாது என்பது என் கருத்து. தன்னைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொள்வதை யாரும் நம்பப்போவதில்லை. அதற்குப் பதில், அந்தக் குணம் வெளிப்பட்ட ஒரு வேலையைச் சொன்னால் போதும், சொல் இல்லாமலே அது தெரிந்துவிடும். 'வேகமாக வளரும் நிதிக் குழு' என்பது அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வது, அதற்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை.

அப்புறம் விளம்பரத்தை மூடி வைத்துவிட்டு, அடிக்கோடிட்ட ஒவ்வொரு பெயரையும் சொல்லி, அதில் அவள் உண்மையில் என்ன செய்கிறாள் என்று கேட்டேன். விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டே எழுதினால் அதன் வாக்கிய அமைப்பு தானாகக் கையில் வந்துவிடும். அதைத் தவிர்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, வாய்விட்டுச் சொல்லவைத்து, சொன்னதை எழுதிக்கொள்வதுதான்.

"பில் வந்ததும் முதல்ல என்ன பண்ணுவ?"

"ஆர்டர் காப்பியையும், ஸ்டோர்ஸ்ல சரக்கு வாங்கினப்ப போட்ட ரசீதையும் பக்கத்துல வச்சுப் பாப்பேன் அக்கா. ரேட்டும் எண்ணிக்கையும் மூணுலயும் ஒண்ணா இருந்தா அனுப்புவேன். இல்லன்னா ஓரமா வச்சுடுவேன்."

"ஓரமா வச்சதை யார் தீர்ப்பாங்க?"

"நான்தான். ரேட் இடிச்சா பர்ச்சேஸ்ல கேப்பேன், எண்ணிக்கை இடிச்சா ஸ்டோர்ஸ்ல கேப்பேன்."

பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவு ரசீது, இன்வாய்ஸ் ஆகிய மூன்றையும் ஒப்பிடுவதற்குத்தான் த்ரீ-வே மேட்சிங் என்று பெயர். அவள் மூன்று வருடமாகச் செய்வது சாட்சாத் அதுவேதான். கூடவே இன்னொன்றும் கிடைத்தது: பல துறையினருடன் இணைந்து பணியாற்றுவது என்று விளம்பரம் பொதுவாகச் சொன்னதற்கு, இந்த வேலையில் என்ன பொருள் என்பது. விலை இடித்தால் ஒரு பிரிவு, எண்ணிக்கை இடித்தால் இன்னொரு பிரிவு. இதைக் கேட்டதும் கணக்கு மேலாளர் தலையாட்டுவார்.

ரிகன்சிலியேஷனிலும் அப்படித்தான். வேண்டர் அனுப்பும் கணக்கு அறிக்கையைத் தங்கள் லெட்ஜருடன் ஒப்பிடுகிறாள். வித்தியாசம் ஏன் வரும் என்று கேட்டேன். தயங்காமல் சொன்னாள்: அனுப்பிய பணம் அவர்கள் கணக்கில் இன்னும் ஏறாமல் இருக்கும், இங்கே பதிவாகாத இன்வாய்ஸ் இருக்கும், திருப்பி அனுப்பிய சரக்குக்குக் கிரெடிட் நோட் வராமல் இருக்கும். மூன்றாவதைத் துரத்தி வாங்குவதுதான் பெரிய வேலை என்றாள். இது அவள் செய்த வேலை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

எக்செல்லில் 'மேம்பட்ட' என்பதை எடுத்துவிடச் சொன்னேன், ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு ஆளுக்கு ஒரு அளவு. என்ன செய்திருக்கிறாய் என்று கேட்டபோது, ஒரே இன்வாய்ஸ் இரண்டு முறை பதிவாவதைப் பிடிக்க ஒரு தாள் வைத்திருப்பதாகக் காட்டினாள். A பத்தியில் வேண்டர் குறியீடு, B பத்தியில் இன்வாய்ஸ் எண், பக்கத்தில் இது:

```
=COUNTIFS(A:A,A2,B:B,B2)
```

விடை 1-க்கு மேல் வந்தால் அதே வேண்டரின் அதே எண் வேறு வரியிலும் இருக்கிறது என்று பொருள். எண்ணில் இடைவெளியோ கோடோ விட்டு ஒருவர் வேறு மாதிரி டைப் செய்தால் இது பிடிக்காது, அதனால் ஒப்பிடுவதற்கு முன்பு அவற்றை நீக்கிவிடுகிறாள். 'நுணுக்கமான கவனம்' என்று விளம்பரம் கேட்டதற்கும் இதுவே பதில்.

மாத இறுதி விஷயத்தில்தான் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டியிருந்தது. இரண்டாவது வரைவில் 'மாத இறுதிக் கணக்கு முடிப்பில் நல்ல அனுபவம்' என்று எழுதியிருந்தாள். விசாரித்தால், சரக்கு வந்து இன்வாய்ஸ் வராதவற்றின் பட்டியலை அவள் தயாரித்துக் கொடுக்கிறாள், அதை வைத்து, அந்தச் செலவுகளை அந்த மாதக் கணக்கிலேயே காட்டும் ஒதுக்கீட்டுப் பதிவுகளைப் போடுவது அவளுடைய சீனியர். சொல்லைக் கடன் வாங்கும்போது இந்த இடத்தில்தான் பலரும் தங்களை அறியாமலே பொய் சொல்லிவிடுகிறார்கள். விளம்பரத்தின் சொல் ஒரு பெரிய பகுதியைச் சொல்லும், நாம் செய்தது அதில் ஒரு மூலையாக இருக்கும். சொல்லை எடுக்கலாம், ஆனால் எந்த மூலை என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். விளம்பரம் கேட்பதே 'உதவுதல்'தான் என்பதால் அவளுக்கு இதில் நஷ்டமும் இல்லை.

எஸ்ஏபியை விட்டுவிட்டோம். அது 'விரும்பத்தக்கது' என்றுதான் இருந்தது. 'அவசியம்' என்று இருந்திருந்தால், தான் பயன்படுத்தியது எந்த மென்பொருள், அதில் எந்தெந்த வேலை என்று ஒரு வரி நேராக எழுதச் சொல்லியிருப்பேன். அப்போதும் ஆர்வம் பற்றிய வாக்கியம் வேண்டாம்.

மூன்றாவது வரைவு

> பொருள்: அக்கவுன்ட்ஸ் பேயபிள் எக்சிக்யூட்டிவ், AP-214 – விண்ணப்பம்
>
> வணக்கம்.
>
> மூன்று வருடமாக ஒரு உற்பத்தி நிறுவனத்தில் வேண்டர் இன்வாய்ஸ்களைக் கவனித்து வருகிறேன். மாதத்துக்குச் சுமார் 400 வரும். ஒவ்வொன்றையும் த்ரீ-வே மேட்சிங் செய்த பிறகே பணம் கொடுக்க அனுப்புவேன். விலை ஒத்துப்போகாவிட்டால் கொள்முதல் பிரிவிடமும், எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் ஸ்டோர்ஸிடமும் பேசித் தீர்ப்பது என் பொறுப்பு.
>
> சுமார் 60 வேண்டர்களுக்கு மாதாமாதம் ரிகன்சிலியேஷன் செய்கிறேன். திருப்பி அனுப்பிய சரக்குக்கு வர வேண்டிய கிரெடிட் நோட்டுகள் விடுபடுவது பெரும்பாலும் இதில்தான் தெரியவரும், அவற்றைக் கேட்டு வாங்குவதும் நான்தான்.
>
> ஒரே இன்வாய்ஸ் இரண்டு முறை பதிவாவதைப் பிடிக்க எக்செல்லில் COUNTIFS கொண்டு ஒரு சோதனைத் தாள் செய்தேன். இப்போது எங்கள் பிரிவில் எல்லோரும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.
>
> மாத இறுதிக் கணக்கு முடிப்புக்கு, சரக்கு வந்து இன்வாய்ஸ் வராதவற்றின் பட்டியலைத் தயாரித்துக் கொடுக்கிறேன்.
>
> என் ரெஸ்யூமேயை இணைத்துள்ளேன். பேச வசதியான நேரத்தைச் சொன்னால் தயாராக இருக்கிறேன்.

பொருள் வரியில் மட்டும் எந்த மாற்றமும் செய்யாமல் விளம்பரத்தை அப்படியே எடுத்தோம். பதவியின் பெயரும் குறிப்பு எண்ணும் அவர்கள் எழுதியபடியே இருந்தால்தான் மின்னஞ்சல் சரியான பெட்டிக்குப் போகும். தனித்துவமாக ஏதாவது எழுத வேண்டிய இடம் அது இல்லை.

உள்ளே, விளம்பரத்தின் பெயர்களில் எஸ்ஏபி தவிர எல்லாமே இருக்கின்றன. வேண்டர், இன்வாய்ஸ் இரண்டும் பேச்சின் போக்கில் திரும்ப வருகின்றன, மற்றவை ஒரே ஒருமுறை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே விளம்பரத்தில் இல்லாத ஒரு விவரம் இருக்கிறது. இதைத்தான் அவளுக்கு அழுத்திச் சொன்னேன்: பெயர் மனிதவளப் பிரிவுக்காக, பக்கத்தில் உள்ள விவரம் கணக்கு மேலாளருக்காக. ஒரே வாக்கியத்தை இரண்டு பேர் இரண்டு காரணத்துக்காகப் படிக்கிறார்கள். இருவரில் ஒருவருக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்த வாக்கியம் சரியில்லை. முதல் வரைவில் மேலாளருக்கு மட்டும் ஏதோ கொஞ்சம் இருந்தது. இரண்டாவதில் மனிதவளப் பிரிவுக்கு மட்டும்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. விளம்பரத்திலிருந்து வந்த சொற்களை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படித்துப் பாருங்கள். மூன்றாவது வரைவில் 400, விலை, எண்ணிக்கை, கிரெடிட் நோட், சோதனைத் தாள் எல்லாம் மிஞ்சும். இரண்டாவதில் மிஞ்சுவது 'அனுபவம் உண்டு', 'ஆர்வம் உண்டு'.

ரெஸ்யூமே பற்றி ஒரு வார்த்தை

சொற்கள் இருந்தால்தான் மேலே போகும் என்று அவளுக்குச் சொன்னவர் முழுக்கத் தவறாகச் சொல்லிவிடவில்லை. பல நிறுவனங்களில் விண்ணப்பங்கள் ஒரு மென்பொருளில் சேர்கின்றன. அது ரெஸ்யூமேயில் உள்ள எழுத்துகளைப் பிரித்தெடுத்து வைத்துக்கொள்ளும், தேர்வு செய்பவர் அதில் சொல் போட்டுத் தேடுவார். ஆனால் அந்தத் தேடல் பெரும்பாலும் ரெஸ்யூமேக்குள் நடப்பது. மின்னஞ்சலின் உடல் அந்த மென்பொருளுக்குள் போகாமலே இருக்கலாம், அதை ஒரு மனிதர் கண்ணால் படிக்கிறார். அதனால் சொல் திணித்த மின்னஞ்சலால் இரண்டு பக்கமும் லாபம் இல்லை.

அவள் ரெஸ்யூமேயில் இன்னமும் 'பில் பாஸிங்' என்றுதான் இருந்தது. அதை மாற்றாமல் மின்னஞ்சலை மட்டும் திருத்தி அனுப்பியிருந்தால், அதில் த்ரீ-வே மேட்சிங் என்று படித்துவிட்டு ரெஸ்யூமேயைத் திறப்பவருக்கு அந்தச் சொல்லே கிடைத்திருக்காது. அங்கேயும் அதே பெயர்களை, செய்த வேலைக்குப் பக்கத்தில் போட்டோம். வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்துவைக்கும் யோசனை ஒன்று உலவுகிறது, அவளும் கேட்டாள். மென்பொருள் எழுத்தைப் பிரித்தெடுக்கும்போது நிறம் போய்விடும், ஒளித்த சொற்கள் எல்லாம் குவியலாக வெளியே தெரியும். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு

அவளைத் தொலைபேசியில் அழைத்தார்கள். ஒரு அழைப்பை வைத்து மின்னஞ்சலால்தான் கிடைத்தது என்று சொல்ல முடியாது, ஆள் தேவை அவசரமாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் என்ன கேட்டார்கள் என்பது கவனிக்க வேண்டியது. கணக்கு மேலாளரின் முதல் கேள்வி, விலை இடித்த ஒரு இன்வாய்ஸை எப்படித் தீர்த்தாய் என்பது. அடுத்தது, எண்ணை வேறு மாதிரி டைப் செய்தால் உன் சோதனைத் தாள் என்ன செய்யும் என்பது. இரண்டுக்கும் அவளிடம் பதில் இருந்தது, ஏனென்றால் இரண்டும் அவள் தினமும் செய்வது. இரண்டாவது வரைவை அனுப்பி அழைப்பு வந்திருந்தால், மாத இறுதியில் ஒதுக்கீட்டுப் பதிவுகளை எப்படிப் போடுவாய் என்று கேட்டிருப்பார்கள், அங்கேயே மாட்டியிருப்பாள்.

முடிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று இன்னொரு நிறுவனத்துக்கும் எழுதினாள். அந்த விளம்பரத்தில் வேண்டர் இல்லை, சப்ளையர். ரிகன்சிலியேஷன் என்ற சொல் இல்லை, 'சப்ளையர் கணக்கு அறிக்கைகளைச் சரிபார்த்தல்'. முதல் பொறுப்பாக அதைத்தான் போட்டிருந்தார்கள், த்ரீ-வே மேட்சிங் கடைசியில் ஒரு வரி. அவள் கிரெடிட் நோட் பத்தியை மேலே கொண்டுவந்தாள், வேண்டர் என்ற இடங்களில் சப்ளையர் என்று மாற்றினாள், ரிகன்சிலியேஷன் வாக்கியத்தை அவர்கள் சொல்லுக்கு ஏற்பத் திருத்தினாள். விவரங்கள் அப்படியே இருந்தன. சப்ளையர்களுக்கு மொத்தமாகப் பணம் அனுப்பும் 'பேமென்ட் ரன்' தயாரிப்பதும் அந்த விளம்பரத்தில் ஒரு பொறுப்பு. அதை அவள் செய்ததில்லை, அதனால் எழுதவில்லை. "விட்டுட்டேன் அக்கா, கேட்டா செஞ்சதில்லைன்னு சொல்லிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினாள்.